35 பைசா புட்ட வாங்கி மூடறதா, அப்படியே விடறதா?

"வணக்கம் சார். ஒரு ஸ்டாக்ல இந்த மாச 940 புட்ட 9 ரூபாய்க்கு வித்தேன், ஒரு லாட், 500 ஷேர். இப்ப ஸ்டாக் 1,040ல நிக்குது, புட் 35 பைசாவுக்கு வந்துடுச்சு. இன்னிக்கு வியாழன், எக்ஸ்பைரி வர்ற செவ்வாய். ஆனா 72,000 ரூபா மார்ஜின் இன்னும் இதுலயே மாட்டிக்கிட்டு இருக்கு. அக்கவுண்ட்ல மொத்த மார்ஜின் 1,60,000, அதுல 60,000 தான் கேஷ், மிச்சம் ஷேர ப்லெட்ஜ் பண்ணினதுல வந்தது. அதே ஸ்டாக்ல அடுத்த மாச 940 புட் 8 ரூபாய்க்கு போகுது, அத விக்க 95,000 கேக்குது. அது தானா ஜீரோ ஆகப்போற ஆப்ஷன், அதுக்கு எதுக்கு காசு குடுத்து திருப்பி வாங்கறேன்னு ஃப்ரெண்ட் சொல்றார். விட்டுடலாமா, வாங்கி மூடலாமா?"

வணக்கம். வாங்கி மூடிடுங்க, அதுவும் நாளைக்கு வெள்ளிக்கிழமையே. ஆனா எதுக்காக மூடறோம்ங்கறது தெளிவா இருந்தாதான் எவ்வளவு விலை வரைக்கும் குடுக்கலாம், மூடினதுக்கு அப்புறம் அந்த மார்ஜின என்ன பண்ணலாம்னு தெரியும், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

முதல்ல உங்களுக்கு வந்த 4,500 ரூபா. அது நீங்க வித்த மறுநாளே அக்கவுண்ட்ல கிரெடிட் ஆகி முடிஞ்சுபோச்சு, மூடும்போது புதுசா எந்தப் பணமும் வராது, 175 ரூபா வெளிய போகும், அவ்வளவுதான். அந்த 4,500ஐ மனசுல வச்சுக்கிட்டே பாத்தா முடிவு குழம்பும், ஏன்னா அதுல 4,325 ஏற்கனவே உங்க பக்கம் வந்தாச்சு. இப்ப உங்க கையில இருக்கறது வேற ஒரு டிரேட், அதிகபட்சம் 175 ரூபா சம்பாதிக்கிற, அதுக்கு 72,000 ரூபா மார்ஜின கட்டிப்போட்டிருக்கிற ஒரு டிரேட். இன்னிக்கு எந்த பொசிஷனும் இல்லாம வெறும் கையோட உக்காந்திருக்கீங்கன்னு வைங்க, 940 புட்ட 35 பைசாவுக்கு புதுசா விப்பீங்களா? நான் கேட்டவங்கள்ல முக்கால்வாசிப்பேர் மாட்டேன்னுதான் சொல்வாங்க. ஆனா அதே பொசிஷன் ஏற்கனவே இருந்தா விட்டுட்டு சும்மா இருப்பாங்க, சும்மா இருக்கறதும் தினமும் அத புதுசா விக்கறதும் ஒண்ணுதான்ங்கறது அவங்களுக்கு உறைக்கறதில்ல.

ப்ரீமியம் 9 ரூபாயிலேருந்து 35 பைசாவுக்கு வந்தும் மார்ஜின் ஏன் கூடவே இறங்கலன்னு உங்களுக்கு தோணியிருக்கும். ஆப்ஷன் விக்கறவங்க கிட்ட எடுக்கற மார்ஜின்ல ரெண்டு பகுதி இருக்கு. ஒண்ணு ஸ்பான், ஸ்டாக் விலையும் வொலட்டிலிட்டியும் இவ்வளவு மாறினா உங்களுக்கு எவ்வளவு நஷ்டம் வரும்னு சில சூழ்நிலைகள வச்சு கணக்கு போட்டு எடுக்கறது, ஸ்டாக் ஸ்ட்ரைக்க விட்டு தள்ளிப் போகப் போக இது குறையும். இன்னொண்ணு எக்ஸ்போஷர் மார்ஜின். இது உங்க ப்ரீமியத்த பாக்கறதே இல்ல, அந்த லாட்டோட மொத்த மதிப்ப, உங்க கேஸ்ல 1,040 பெருக்கல் 500, அதாவது 5,20,000 ரூபாயப் பாக்குது. ஆப்ஷன் 5 பைசாவுக்கு வந்தாலும் அந்த 5,20,000 அப்படியேதான் இருக்கு. அதனால கடைசி வாரத்துல சம்பாதிக்க மிச்சம் இருக்கறது சுருங்கிட்டே போகும், கட்டிப்போட்ட பணம் பெருசாவே நிக்கும்.

செலவு எவ்வளவுன்னு பாப்போம். 35 பைசாவுக்கு வாங்கினா 175 ரூபா. புரோக்கரேஜ் ஒரு ஆர்டருக்கு 20 ரூபாங்கற டிஸ்கவுண்ட் புரோக்கர்னு வச்சுக்கறேன், அதுக்கு ஜிஎஸ்டி 3 ரூபா 60 பைசா. எக்ஸ்சேஞ்ச் சார்ஜும் ஸ்டாம்ப் டியூட்டியும் ப்ரீமியத்து மேல போடறது, 175 ரூபாய்க்கு அது சில பைசாதான். எஸ்டிடி ஆப்ஷன விக்கும்போதுதான், வாங்கி மூடும்போது கிடையாது. ஆக மொத்தம் 199 ரூபா. சதவீதத்துல புரோக்கரேஜ் வாங்கற பழைய மாதிரி புரோக்கர்னா மினிமம் சார்ஜ் எவ்வளவுன்னு கேட்டுக்கோங்க, அங்க சில சமயம் ஆப்ஷன் விலைய விட மூடற செலவு அதிகமா வந்து நிக்கும்.

இப்ப நிறைய பேர் சொல்றது, "175 ரூபாய்க்காக 72,000ஐ மாட்டி வைக்கலாமா, இது ஒரு வருமானமா"ன்னு. கேக்க நல்லா இருக்கு, ஆனா கணக்கு போட்டுப் பாத்தா அந்த வாதம் அவ்வளவு ஸ்ட்ராங் இல்ல. 72,000க்கு 175ங்கறது 0.24 சதவீதம், அதுவும் 5 நாள்ல. வருஷத்துக்கு மாத்திப் பாத்தா 17, 18 சதவீதம் கிட்ட வருது. மூடிட்டு அந்த பணத்த சும்மா லிக்விட் ஃபண்ட்ல போடலாம்னா, இந்த பொசிஷனுக்கு மாட்டியிருக்கற கேஷ் 36,000 தான், ஆறரை சதவீதம்னு வச்சாலும் 5 நாளைக்கு 32 ரூபா வரும். மீதி பாதி உங்க ப்லெட்ஜ் ஷேர், அது ப்லெட்ஜ்ல இருந்தாலும் இல்லன்னாலும் உங்க ஷேர்தான், ஏற்றமும் டிவிடெண்டும் உங்களுக்கேதான் வரும். அதனால மூடிட்டு மார்ஜின சும்மா வைக்கப்போறீங்கன்னா "பணத்த விடுவிச்சேன்"னு சொல்றதுல அர்த்தம் இல்ல, 32 ரூபாய்க்காக 199 செலவு பண்ணினதா ஆயிடும். விடுவிச்ச பணத்துக்கு காத்திருக்க முடியாத ஒரு வேலை இருந்தாதான் அந்தக் காரணம் நிக்கும்.

உங்களுக்கு அப்படி ஒரு வேலை இருக்கு, அடுத்த மாச புட். 72,000மும் 95,000மும் சேந்தா 1,67,000, உங்க கிட்ட 1,60,000 தான், ரெண்டையும் ஒண்ணா வைக்கவே முடியாது. சரி, இன்னும் 10,000 ரூபாய்க்கு ஷேர ப்லெட்ஜ் பண்ணிடலாம்னு தோணலாம். அங்கதான் கேஷ் ரூல் வந்து நிக்கும், ராத்திரி தாண்டி வைக்கற எஃப் அண்ட் ஓ பொசிஷனுக்கு மார்ஜின்ல பாதியாவது கேஷாவோ கேஷுக்கு சமமானதாவோ இருக்கணும், லிக்விட் ஃபண்ட், கவர்ன்மென்ட் செக்யூரிட்டி ப்லெட்ஜ் பண்ணினா கேஷ் கணக்குல சேரும், சாதா ஷேர் சேராது. 1,67,000க்கு பாதி 83,500, உங்க கேஷ் 60,000. குறையற 23,500க்கு புரோக்கர் தினமும் வட்டி போடுவார், விக்கிற ப்ரீமியம் மறுநாள் வந்து கொஞ்சம் குறைச்சாலும் பள்ளம் முழுசா மூடாது. மூடிட்டு வித்தீங்கன்னா 95,000க்கு பாதி 47,500 போதும், உங்க கேஷ் தாராளமா தாங்கும். ஸ்க்ரீன்ல காட்டற மொத்த மார்ஜின மட்டும் பாத்து கணக்கு போடறவங்க இந்த கேஷ் பாதிய மறந்துட்டு மாசக் கடைசியில லெட்ஜர்ல வட்டிய பாத்து முழிப்பாங்க.

அந்த மார்ஜின் வெளிய வந்தா எவ்வளவு லாபம்? அடுத்த மாச புட் 8 ரூபான்னா 4,000, எக்ஸ்பைரிக்கு 33 நாள் இருக்குன்னு வைப்போம். சமமா பிரிச்சா ஒரு நாளைக்கு 120 ரூபா சொச்சம். ஆனா ஆப்ஷன் சமமா கரையாது, இவ்வளவு தள்ளி இருக்கற புட் ஆரம்பத்துல எவ்வளவு கரையும்ங்கறது வொலட்டிலிட்டி எப்படி நடந்துக்குதுங்கறதையும் பொறுத்தது. எச்சரிக்கையா பாதின்னு எடுத்துக்கிட்டா ஒரு நாளைக்கு 60, அஞ்சு நாளைக்கு 300. அடுத்த புதன்கிழமை வரைக்கும் காத்திருக்காம நாளைக்கே வித்தா உங்களுக்கு கூட கிடைக்கறது அந்த 300தான், அதுக்கு நீங்க விட்டுக்கொடுக்கறது 199. மிச்சம் 100 ரூபா. ஒரு லாட்டுக்கு இவ்வளவுதான். பத்து லாட் வச்சிருக்கறவருக்கு, அதுவும் ஒரே ஆர்டர்ல மூடினா புரோக்கரேஜ் அதே 20 ரூபாதான்ங்கறதால, இன்னும் கொஞ்சம் நல்லா வரும், ஆனா இது மட்டுமே காரணம்னா நான் உங்கள அவசரப்படுத்த மாட்டேன்.

நான் நாளைக்கே மூடுங்கன்னு சொல்றதுக்கு காரணம் செவ்வாய்க்கிழமை. ஸ்டாக் ஆப்ஷன்ல இப்ப எல்லாமே டெலிவரி. 2018 ஜூலைல கொஞ்சம் கொஞ்சமா ஆரம்பிச்சு 2019 அக்டோபர் எக்ஸ்பைரிலேருந்து எல்லா ஸ்டாக் எஃப் அண்ட் ஓவும் ஃபிசிக்கல் செட்டில்மென்ட்டுக்கு வந்தாச்சு. செவ்வாய்க்கிழமை ஸ்டாக் 930ல முடிஞ்சதுன்னு வைங்க. பேப்பர்ல உங்க நஷ்டம் ஷேருக்கு 10 ரூபா, 5,000 தான், வாங்கின ப்ரீமியத்தோட கிட்டத்தட்ட சரியா போயிடும். ஆனா 500 ஷேர 940க்கு நீங்க வாங்கியே ஆகணும், 4,70,000 ரூபா முழுசா கட்டணும், டெலிவரிக்கு எஸ்டிடி 470 ரூபா கிட்ட, புரோக்கரோட டெலிவரி சார்ஜ் தனி. உங்க கிட்ட கேஷ் 60,000. குறையற நாலு லட்சத்துக்கு என்ன பண்ணுவீங்க? புரோக்கர் பொதுவா அவ்வளவு தூரம் விடமாட்டார், அக்கவுண்ட்ல பணம் இல்லன்னு தெரிஞ்சா எக்ஸ்பைரி நாள்ல அவரே பொசிஷன வெட்டிடுவார், அந்த நேரத்துல என்ன விலை கிடைக்குதோ அந்த விலைக்கு. இது போதாதுன்னு கடைசி ஒண்ணு ரெண்டு நாள்ல பல புரோக்கர்கள் ஸ்டாக் எஃப் அண்ட் ஓவுக்கு மார்ஜினயே ஏத்துவாங்க, எந்த நாள்லேருந்து எவ்வளவுங்கறது புரோக்கருக்கு புரோக்கர் மாறும், உங்க புரோக்கரோட ஃபிசிக்கல் டெலிவரி பாலிசிய இன்னிக்கே எடுத்து படிச்சிடுங்க. ஒரு ஆறுதல், நம்ம ஊர் ஸ்டாக் ஆப்ஷன் 2011லேருந்து யூரோப்பியன் ஸ்டைல், எக்ஸ்பைரிக்கு முன்னாடி யாரும் எக்ஸர்சைஸ் பண்ணி உங்க தலையில ஷேர கட்ட முடியாது. அமெரிக்க ஸ்டாக் ஆப்ஷன் விக்கற நம்மாளுங்களுக்கு அந்த ஆறுதலும் இல்ல.

1,040ல இருக்கற ஸ்டாக் மூணு டிரேடிங் நாள்ல 940க்கு கீழ வருமா? பெரும்பாலும் வராது, உங்க ஃப்ரெண்ட் சொல்றது அந்த அளவுல சரிதான். மார்க்கெட்டும் அதத்தான் சொல்லுது. ஸ்டாக் 900க்கு போனா உங்க நஷ்டம் ஷேருக்கு 40, மொத்தம் 20,000. 199ஐ 20,000 ரூபாயோட ஒப்பிட்டா, நூறு தடவைல ஒரு தடவ அப்படி நடந்தாலே நீங்க மூடினது வீண் இல்ல. 35 பைசாங்கற விலையே கிட்டத்தட்ட அந்த வாய்ப்பத்தான் சொல்லுது, யாரும் உங்கள ஏமாத்தல, உங்களுக்கு இனாமாவும் தரல. ஆனா அந்த விலை பெரிய பெரிய டெஸ்க்குகளும் சேந்து போட்ட விலை, அவங்களுக்கு 4,70,000 கட்டறது ஒரு விஷயமே இல்ல. உங்களுக்கு அதே நூத்துல ஒண்ணு வந்தா அக்கவுண்ட் குலையும், ப்லெட்ஜ் பண்ணின ஷேர தப்பான நேரத்துல வித்துக் கட்ட வேண்டி வரும். அதே 35 பைசா அவங்களுக்கு நியாயமான விலை, உங்களுக்கு மலிவான விலை. 199 ரூபாய்க்கு நீங்க வாங்கறதுல பெரிய பங்கு இந்த வால் ரிஸ்க்லேருந்து வெளிய வர்றதுதான், மார்ஜின் விடுபடறது அதோட கூட வர்ற சின்ன லாபம்.

எஃப் அண்ட் ஓல இருக்கற ஸ்டாக்குக்கு மத்த ஷேர் மாதிரி நிலையான சர்க்யூட் கிடையாது, 10 சதவீதத்துல ஒரு பேண்ட் இருக்கும் ஆனா அது விலையோட நகர்ந்து விரியும். 2025 மார்ச் 10, திங்கக்கிழமை சாயங்காலம் இண்டஸ்இண்ட் பேங்க் தன்னோட டெரிவேட்டிவ் கணக்குல வித்தியாசம் இருக்குன்னு அறிவிச்சது, மறுநாள் ஒரே நாள்ல ஷேர் 27 சதவீதம் கிட்ட விழுந்துச்சு. அதுக்கு முந்தின நாள் 900 ரூபா கிட்ட இருந்த ஷேர் அது. உங்க ஸ்டாக்குல அந்த அளவு விழுந்தா 760 கிட்ட வரும், 940 புட்ல நஷ்டம் 90,000 ரூபா. அன்னிக்கு அந்த மாச எக்ஸ்பைரிக்கு ரெண்டு வாரத்துக்கு மேல இருந்துச்சு, புட் விலை 35 பைசாவுல இருந்திருக்காது, அது வேற. மார்க்கெட் மூடின அப்புறம் வந்த ஒரு அறிவிப்புக்கும் மறுநாள் மார்க்கெட் திறக்கறதுக்கும் நடுவுல வெளிய வர வழியே இல்லங்கறதுக்குத்தான் சொல்றேன். ஸ்டாப் லாஸ் ஆர்டர் போட்டு வச்சிருந்தாலும் அது கேப் ஆன விலையிலதான் ஓடும்.

அதனாலதான் இன்னொண்ணு இன்னிக்கே பாருங்க. எக்ஸ்சேஞ்ச் வெப்சைட்ல உங்க கம்பெனியோட அறிவிப்புகள்ல போர்டு மீட்டிங் தேதி இருக்கும். காலாண்டு ரிசல்ட் செவ்வாய்க்கிழமைக்குள்ள வருதா? பேங்குகள் சனிக்கிழமை ரிசல்ட் விடறது வழக்கம், அப்படி இருந்தா வெள்ளி சாயங்காலம் 3.30க்கும் திங்க காலைல 9.15க்கும் நடுவுல நீங்க வெறும் பார்வையாளர்தான்.

இப்ப உங்க திட்டத்துலயே ஒரு ஓட்டை இருக்கு, அத சொல்லியாகணும். ரிஸ்க்லேருந்து வெளிய வரணும்னு 199 குடுத்து மூடிட்டு, அதே நிமிஷம் அதே ஸ்டாக்ல அதே 940 ஸ்ட்ரைக்க அடுத்த மாசத்துக்கு வித்தீங்கன்னா, சனிக்கிழமை கெட்ட செய்தி வந்தா அதே அடி விழும், இன்னும் சொல்லப்போனா அடுத்த மாச ஆப்ஷன்ல டைம் வேல்யூ இருக்கறதால விலை இன்னும் கொஞ்சம் அதிகமாவே ஏறும். செவ்வாய்க்கிழமை 4,70,000 கட்டற பிரச்சனை மட்டும் போகும், ஏன்னா அடுத்த மாசம் வரைக்கும் யோசிக்க டைம் கிடைக்கும். அது ஒரு நல்ல விஷயம்தான், ஆனா வால் ரிஸ்க் போயிடுச்சுன்னு நினைச்சுக்காதீங்க. ரிசல்ட் வரப்போகுதுன்னா என் யோசனை, நாளைக்கு பழசை மூடுங்க, புதுசை ரிசல்ட் வந்து மார்க்கெட் திறந்தப்புறம் விலையப் பாத்து வில்லுங்க. ரிசல்ட் ஏற்கனவே முடிஞ்சாச்சுன்னா நாளைக்கே ரெண்டையும் பண்ணலாம். அதோட அந்த புது புட்டும் ஒரு நாள் 4,70,000 கேக்கலாம்ங்கறத விக்கறதுக்கு முன்னாடியே நினைச்சுப் பாருங்க, 60,000 கேஷ் இருக்கற அக்கவுண்ட்டுக்கு அது பெரிய லாட்தான். அதே ஸ்டாக்ல கீழ 900 புட்டையோ 880 புட்டையோ கூடவே வாங்கி வச்சு வித்தா மார்ஜினும் குறையும், அதிகபட்ச நஷ்டமும் முன்னாடியே தெரியும்.

ஆர்டர் போடறதுல ரெண்டு இடத்துல நிறைய பேர் தடுக்கி விழறாங்க. முதல்ல, நீங்க பாக்கற 35 பைசா கடைசியா நடந்த டிரேடோட விலை, அது அரை மணி நேரத்துக்கு முன்னாடி நடந்ததா கூட இருக்கலாம். மார்க்கெட் டெப்த்த திறந்து பாருங்க, இவ்வளவு தள்ளி இருக்கற ஸ்ட்ரைக்ல வாங்கறவர் 20 பைசா, விக்கறவர் 60 பைசான்னு நிப்பாங்க. மார்க்கெட் ஆர்டர் போடாதீங்க (பல புரோக்கர்கள் ஸ்டாக் ஆப்ஷன்ல அத விடறதே இல்ல), 35 பைசாவுக்கு லிமிட் போட்டு காலைல ஒரு மணி நேரம் விடுங்க, கிடைக்கலன்னா அஞ்சஞ்சு பைசாவா ஏத்துங்க. நிறைவேறாத ஆர்டருக்கு புரோக்கரேஜ் கிடையாது, அதனால பொறுமையா ஏத்தறதுல நஷ்டம் இல்ல. 60 பைசா வரைக்கும் நான் குடுப்பேன், அப்ப மொத்த செலவு 324 ரூபா ஆகும், மார்ஜின் கணக்குல பாத்தா அது கட்டுப்படியாகாது, வீக்எண்ட் தூக்கத்துக்குத்தான் அந்த விலை. அதுக்கு மேல விக்கறவர் கேட்டா ஸ்டாக் ஏன் அசையுதுன்னு முதல்ல பாருங்க. 5 பைசாவுக்கு வரட்டும்னு மட்டும் காத்திருக்காதீங்க, அதுதான் எக்ஸ்சேஞ்ச்ல போடக்கூடிய ரொம்பக் குறைஞ்ச விலை, உங்கள மாதிரி வித்தவங்க எல்லாரும் அங்கதான் வாங்க வரிசை கட்டி நிப்பாங்க, விக்கறதுக்கு ஆள் இருக்காது.

ரெண்டாவது, வித்தது NRMLல இருந்தா வாங்கறதும் NRMLலயே இருக்கணும். அவசரத்துல MISல வாங்கிட்டீங்கன்னா ஸ்க்ரீன்ல ரெண்டு தனித்தனி பொசிஷனா நிக்கும், மார்ஜின் விடுபடாது, சாயங்காலம் புரோக்கர் சிஸ்டம் அந்த MISஐ தானா வித்து வெட்டிடும், நீங்க மூடினோம்னு நினைச்சுட்டு வீக்எண்டுக்கு போவீங்க, ஷார்ட் அப்படியே இருக்கும். ஆர்டர் விண்டோவுல கையால டைப் பண்ணாம பொசிஷன்ஸ் பக்கத்துல இருக்கற எக்ஸிட்ட அழுத்துங்க, மாசமும் ஸ்ட்ரைக்கும் மாறாது. முடிஞ்சதும் அந்த வரில குவான்டிட்டி ஜீரோவா மாறிடுச்சா, மார்ஜின் ஏறிடுச்சான்னு பாருங்க, பொசிஷன் மூடினதும் மார்ஜின் உடனே வந்துடும், அதே நாள்லயே வேற பொசிஷனுக்கு எடுத்துக்கலாம்.

இத படிக்கற மத்தவங்கள்ல ஸ்ப்ரெட்டா வச்சிருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. முதல்ல வித்த ஆப்ஷன வாங்கி மூடுங்க, அப்புறம்தான் பாதுகாப்புக்கு வாங்கின ஆப்ஷன். பாதுகாப்ப முதல்ல வித்தா அந்த நிமிஷமே மார்ஜின் எகிறும், ஷார்ட்ஃபால் பெனால்டி வரைக்கும் போகும். வாங்கின ஆப்ஷன் 5, 10 பைசாவுல இருந்தா அத விக்க 20 ரூபா புரோக்கரேஜ் குடுக்காம விட்டுடறதுதான் நல்லது, அவுட் ஆஃப் த மணியா முடிஞ்சா தானா காலாவதி ஆயிடும். நிஜமாவே பெரிய விழுகை வந்து அது இன் த மணியா ஆயிடுச்சுன்னா எக்ஸ்பைரிக்கு முன்னாடி வித்துடுங்க, இல்லன்னா வாங்கின புட்டுக்கும் டெலிவரி உண்டு, நீங்க ஷேர குடுக்க வேண்டி வரும்.

மூடாம விடலாம்ங்கற கேஸும் இருக்கு. 4,70,000 ரூபாய கையில வச்சுக்கிட்டு 940க்கு அந்த ஷேர் கிடைச்சா சந்தோஷமா வாங்கிப்பேன்னு வித்தவர், அவருக்கு எதுக்கு இந்த 199? விழுந்தா அவர் நினைச்ச விலைக்கே ஷேர் வருது. அதே மாதிரி எக்ஸ்பைரி நாள் மத்தியானம், ஸ்டாக் இன்னும் 1,040லயே இருக்கு, அந்த மார்ஜினுக்கு வேற வேலையும் இல்லன்னா விட்டுடறது நியாயம்தான். நிஃப்டி ஆப்ஷன் விக்கறவங்களுக்கு கணக்கு கொஞ்சம் வேற, அங்க பணத்துலயே செட்டில் ஆயிடும், டெலிவரி பயம் இல்ல. ஆனா 2024 நவம்பர்லேருந்து எக்ஸ்பைரி நாள்ல இண்டெக்ஸ் ஆப்ஷன் ஷார்ட்டுக்கு கூடுதலா 2 சதவீத மார்ஜின் செபி விதிச்சிருக்கு, அது லாட்டோட மொத்த மதிப்பு மேல, அதனால மார்ஜின விளிம்பு வரைக்கும் இழுத்து வச்சிருக்கறவங்க முந்தின நாளே ஒண்ணு ரெண்டு லாட்ட வாங்கி மூடறது வழக்கம்.

அடுத்த மாச புட்ட வித்த உடனேயே, 80 பைசாவுக்கு வாங்கற மாதிரி ஒரு GTT போட்டு வச்சுடுங்க, வாங்கின ப்ரீமியத்துல பத்துல ஒரு பங்கு. சில நல்ல மாசத்துல எக்ஸ்பைரிக்கு பத்து நாள் இருக்கும்போதே அந்த விலை வந்துடும், அப்ப மூடினா மிச்சமாகறது அஞ்சு நாள் இல்ல பத்து நாள், மார்ஜின் விடுபடறதோட கணக்கே மாறும். GTT கடைசி டிரேட் விலைய வச்சுதான் கிளிக் ஆகும், கிளிக் ஆனாலும் லிமிட்ல ஆள் இல்லன்னா ஆர்டர் நிறைவேறாம நிக்கும், அதனால மெசேஜ் வந்தா பாத்துக்கோங்க.

நாளைக்கு 60 பைசாவுக்குள்ள கிடைக்கவே இல்ல, ஸ்டாக்கும் அமைதியாத்தான் இருக்குன்னா திங்கக்கிழமை திரும்ப போடுங்க, வீக்எண்ட் போயிட்டதால அப்ப 40 பைசாவுக்கு மேல குடுக்க வேணாம். திங்கக்கிழமை திறக்கும்போதே ஸ்டாக் 980க்கு கீழ வந்துடுச்சுன்னா மட்டும் விலை பாக்காதீங்க, புட் 3 ரூபாயோ 4 ரூபாயோ எதுவா இருந்தாலும் டெப்த்துல இருக்கற விலைக்கு லிமிட் போட்டு வெளிய வந்துடுங்க, அந்த விலையிலயும் 9 ரூபாய்க்கு வித்ததுல பாதிக்கு மேல உங்க கிட்டயே இருக்கும்.